தெலுங்குப் பெயரில் ஊர், அப்பா, ஆள்: படிவத்தில் எந்தச் சொல் எந்தக் கட்டத்துக்கு?

எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் தங்கை எஸ்.பி. சைலஜா. அவர்களின் அப்பா எஸ்.பி. சாம்பமூர்த்தி. மகன் எஸ்.பி.பி. சரண். மூன்று தலைமுறைக்கும் முன்னால் அதே எஸ்.பி. நிற்கிறது. தமிழ்நாட்டுக் கணக்கில் இது பொருந்தாது. இங்கே இனிஷியல் என்றால் அப்பா பெயரின் முதலெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாற வேண்டும்.

அந்த எஸ்.பி. என்பது ஸ்ரீபதி பண்டிதாராத்யுல என்ற குடும்பப் பெயர். தெலுங்கில் அதற்கு இண்டிபேரு என்று பெயர், அதாவது வீட்டுப் பெயர். ஆளின் பெயருக்கு முன்னால் வரும், அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு மாறாமல் போகும். சரணின் பெயரில் கூடுதலாக வரும் ஒரு ‘பி’தான் அப்பா பெயர். வீட்டுப் பெயர், அப்பா பெயர், சொந்தப் பெயர் என்ற முழு வரிசையையும் அந்த ஒரு பெயரிலேயே பார்த்துவிடலாம்.

இந்த வரிசையில் எழுதிய பெயரை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும் படிவத்தில் எப்படிப் பிரிப்பது என்பதுதான் சிக்கல். நாலு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றை ஒப்பிடும் முன் பெயரை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட வேண்டும். பெயரைத் தவறாகப் பிரித்துவிட்டால் எந்த வழியில் போனாலும் பிழைதான் வரும்.

எது ஊர், எது அப்பா, எது ஆள்

இண்டிபேரில் பெரும்பங்கு ஊர்ப் பெயர்கள். சர்வபள்ளி நெல்லூர் மாவட்டத்து ஊர். திருத்தணி பக்கம் குடியேறி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்த ராதாகிருஷ்ணனுக்கும் ‘எஸ்’ என்பது அந்த ஊர்தான். ஆனால் ஊர்ப் பெயர் அப்படியே வருவதில்லை, வேற்றுமை ஏற்று வரும். தமிழில் ‘மரம்’ ‘மரத்து’ ஆவதுபோலத் தெலுங்கில் ‘ம்’ போய் ‘ப்பு’ வரும். வங்கிபுரம் என்ற ஊர்ப் பெயர் வங்கிபுரப்பு ஆகும். கிரிக்கெட் வீரர் வி.வி.எஸ். லட்சுமணின் முதல் ‘வி’ அதுதான். முப்பவரம் முப்பவரப்பு ஆகிறது, கந்துகூரு கந்துகூரி ஆகிறது. அதனால் ஊர் வரைபடத்தில் ‘முப்பவரம்’ என்று இருக்கிறதே என்று படிவத்தில் பெயரைத் ‘திருத்தி’விடக் கூடாது. இரண்டும் வேறு வேறு சொற்களாகிவிடும். எல்லா இண்டிபேரும் ஊரும் அல்ல. பண்டிதாராத்யுல போல முன்னோரைச் சுட்டுபவையும் உண்டு, தொழிலைச் சுட்டுபவையும் உண்டு.

சில குடும்பங்களில் ஊர் வேறு, வீட்டுப் பெயர் வேறாக இரண்டும் இருக்கும். மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்ய நாதெல்லாவின் அப்பா ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த பி.என். யுகந்தர். விரித்தால் புக்காபுரம் நாதெல்லா யுகந்தர். மகனின் பெயரில் ஊர் உதிர்ந்து நாதெல்லா மட்டும் நிற்கிறது, அதுவும் கடைசிக்குப் போய்விட்டது.

நடுவில் இருக்கும் சொல்லில்தான் பலரும் இடறுகிறார்கள். அது எப்போதும் அப்பா பெயர் அல்ல. பி.வி. சிந்து என்றால் புசர்லா வெங்கட சிந்து. அப்பாவும் பி.வி. ரமணாதான். வெங்கட, நாக, சத்ய, சாய், லட்சுமி போன்ற சாமி பெயர்கள் சொந்தப் பெயரின் முன்பாதியாக வருவது தெலுங்கில் சாதாரணம். சென்னையில் ஒரு பள்ளி எழுத்தர் ‘வி’யைப் பார்த்ததும் அப்பா பெயர் வெங்கடேசனா என்று கேட்டால் வியப்பதற்கில்லை. நம் வழக்கம் அவரை அப்படித்தான் கேட்க வைக்கும். காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை என்று விரியும் பெயரில் ஊருக்கு அடுத்தது அப்பாதானே.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரின் முழுப் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மூவருக்கும் பொதுவாக முதலில் நிற்பது இண்டிபேரு. அப்பாவைக் கூப்பிடும் பெயர் பிள்ளையின் பெயருக்குள் இருந்தால் அது தகப்பன் பெயர். மிச்சமிருப்பது எல்லாம் சொந்தப் பெயர். கடைசியில் வரும் ரெட்டி, ராவ், நாயுடு, சௌத்ரி, சாஸ்திரி ஆகியவையும் சொந்தப் பெயரின் வால்தான், குடும்பப் பெயர் அல்ல. இந்த ஒன்றைத்தான் பெரும்பாலான படிவங்கள் தவறாக வாங்கிக்கொள்கின்றன.

ஒரே பெயர், நாலு விதப் பிரிப்பு

மாதிரிக்கு ஒரு பெயரை வைத்துக்கொள்வோம்: கொத்தபல்லி நரசிம்ம ஸ்ரீதர் ரெட்டி. கொத்தபல்லி என்றால் புது ஊர்; அந்தப் பெயரில் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஊர்கள் ஏராளம். நரசிம்ம என்பது அப்பா, ஸ்ரீதர் ரெட்டி என்பது ஆள். பள்ளியில் கே.என். ஸ்ரீதர் ரெட்டி.

இந்திய பாஸ்போர்ட் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: `Given Name`, `Surname`. முதல் வழி, கொத்தபல்லியை சர்நேமில் போட்டு மற்ற மூன்றையும் கிவன் நேமில் போடுவது. பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் சர்நேம் மேல் வரியிலும் கிவன் நேம் அதற்குக் கீழும் அச்சாகும். மேலிருந்து கீழே படித்தால் கொத்தபல்லி, நரசிம்ம ஸ்ரீதர் ரெட்டி என்று தெலுங்கு வரிசையே கிடைத்துவிடுகிறது. அடியில் கருவி படிக்கும் வரியும் அதே வரிசையில் வரும்:

```
P<INDKOTHAPALLI<<NARASIMHA<SRIDHAR<REDDY<<<<
```

இரண்டாவது வழி, கடைசியில் இருப்பதுதானே கடைசிப் பெயர் என்று ரெட்டியை சர்நேம் ஆக்குவது:

```
P<INDREDDY<<KOTHAPALLI<NARASIMHA<SRIDHAR<<<<
```

மூன்றாவது, சர்நேமை வெறுமையாக விட்டு நாலு சொல்லையும் கிவன் நேமில் போடுவது. நாலாவது தமிழ்நாட்டுப் பழக்கம்: கூப்பிடும் பெயரையே சர்நேமில் வைத்து, ஊரையும் அப்பாவையும் கிவன் நேமுக்குத் தள்ளுவது.

மூன்றாவதை முதலில் தள்ளிவிடலாம். உள்நாட்டில் அதனால் ஒன்றும் ஆகாது. அமெரிக்க விசாவுக்குப் போகும்போதுதான் வினை. சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு மொத்தப் பெயரும் சர்நேம் ஆகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் `FNU` என்று விழும், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே போனபின் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் மனிதரின் பெயர் ‘எஃப்என்யூ’ ஆகிவிடுகிறது. ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசாவில் தடை சொன்னது.

நாலாவது வழியில் ஸ்ரீதர் சர்நேம் ஆனால் அவருடைய மகளுக்கு எது சர்நேம் என்ற கேள்வி வரும். தமிழ்க் குடும்பத்துக்கு அது பரவாயில்லை. கொடுக்க வேறு குடும்பப் பெயர் நம்மிடம் இல்லை. தெலுங்குக் குடும்பத்திடம் தலைமுறை தாண்டி வரும் பெயர் கையிலேயே இருக்கும்போது அதை ஒதுக்கிவிட்டு இந்த வழிக்குப் போவதில் பொருள் இல்லை.

உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும்தான். ரெட்டியை சர்நேம் ஆக்குவதில் ஒரு வசதி உண்டு: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரே வரியில் இருக்கும் பெயரை இடமிருந்து வலமாக அப்படியே கட்டங்களில் இறக்கிவிடலாம். ஆனால் குடும்பத்துக்குள் அது உடைகிறது. ஸ்ரீதரின் தங்கை கொத்தபல்லி நரசிம்ம லாவண்யா. அவள் பெயரில் ரெட்டி இல்லை. அண்ணன் ரெட்டி, தங்கை லாவண்யா என்று ஒரே வீட்டில் இரண்டு சர்நேம். வெளிநாட்டு மருத்துவமனையில் அண்ணனை ‘கொத்தபல்லி’ என்று கூப்பிடுவார்கள், ஏனென்றால் கிவன் நேமின் முதல் சொல் அதுதான். ஆயிரக்கணக்கான ரெட்டிகள் இருக்கும் தரவில் அந்தச் சொல்லால் ஆளை அடையாளம் காண்பதும் கடினம்.

முதல் வழியிலும் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. கிவன் நேமின் முதல் சொல் நரசிம்ம. ஆகவே வெளிநாட்டில் ஸ்ரீதர் அவருடைய அப்பா பெயரால் அழைக்கப்படுவார், லாவண்யாவும் நரசிம்மதான். இண்டிபேரை சர்நேமில் வைத்தது சரியான முடிவு. இடறுவது நடுவில் நிற்கும் அப்பா பெயர். எங்கள் முடிவு, சர்நேம் எப்போதும் இண்டிபேருதான். அப்பா பெயரை என்ன செய்வது என்பதை மட்டும் ஆளுக்கு ஏற்ப முடிவெடுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒன்று, பிறந்த குழந்தைக்கு வேறொன்று

ஏற்கனவே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கியவர் அதிலுள்ள சொற்களைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஆதாரில் பெயருக்கு ஒரே வரிதான், கட்டப் பிரிவினை கிடையாது. அதில் கொத்தபல்லி நரசிம்ம ஸ்ரீதர் ரெட்டி என்றே இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் அதே நாலு சொல்லை இரண்டாகப் பிரித்துவிடலாம். அழைக்கப்படுவது நரசிம்ம ஆனாலும் பொறுத்துக்கொள்வதுதான் நல்லது. அப்பா பெயரை ஓரிடத்தில் மட்டும் நீக்கினால் அந்த ஆவணம் மற்ற எல்லாவற்றோடும் முரண்படும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற முடியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறையைச் சோதனைக்காகச் செலவழிக்கக் கூடாது.

எழுத்துக்கூட்டலில் இன்னும் கவனம் வேண்டும். அண்ணனுக்கு `KOTHAPALLI`, தம்பிக்கு `KOTHAPALLY`, அப்பாவின் பட்டாவில் `KOTTAPALLI` என்று இருப்பது சகஜம். ஆந்திரப் பக்கம் ‘ஐ’யில் முடிப்பதும் தெலங்கானாப் பக்கம் ‘ஒய்’யில் முடிப்பதும் பழக்கம். தெலுங்கில் மூன்றுக்கும் ஒரே எழுத்துதான், கணினிக்கு மூன்றும் வேறு. முதல்முறையாகப் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறவர், வீட்டில் ஏற்கனவே பாஸ்போர்ட் இருப்பவரின் எழுத்துக்கூட்டலைப் பார்த்துவிட்டு, அது தன் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தன் சான்றிதழில் உள்ளதையே எழுத வேண்டும், அண்ணனுடையதை அல்ல. நாளைக்கு உறவுமுறையை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் போதும். ஆனால் தன் சான்றிதழோடு தானே முரண்பட்டால் அதற்கு விளக்கம் தேடி அலைய வேண்டும்.

குழந்தைக்கு இந்தத் தளை எதுவும் இல்லை. ஸ்ரீதருக்கு மகள் பிறந்து அனன்யா என்று பெயர் வைத்தால், மரபுப்படி கொத்தபல்லி ஸ்ரீதர் அனன்யா. அப்படியே போனால் அவளுடைய கிவன் நேம் ‘ஸ்ரீதர் அனன்யா’ என்று வரும். ஒரு பெண்ணை வாழ்நாள் முழுக்க ஸ்ரீதர் என்று அழைக்க வைப்பது வேண்டாத வேலை. பிறப்புச் சான்றிதழிலேயே கொத்தபல்லி அனன்யா என்று இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுங்கள். அப்பா பெயருக்கென்று எல்லாப் படிவத்திலும் தனிக் கட்டம் இருக்கிறது, அதில் ஸ்ரீதர் இடம்பெறத்தான் போகிறார். பெயர் முடிவாகாமல் பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அவசரப்பட்டு ‘ஸ்ரீதர்’ என்பதை நடுவில் சொருகாமல் இருக்க இந்த அவகாசமே போதும்.

அந்த அப்பா கட்டத்தை நிரப்பும்போதும் ஒரு வழுக்கல் உண்டு. அதில் வெறும் ‘ஸ்ரீதர்’ என்று எழுதக் கூடாது, ‘ஸ்ரீதர் கொத்தபல்லி’ என்று புரட்டியும் எழுதக் கூடாது. அப்பாவின் சொந்த ஆவணத்தில் உள்ளபடி நாலு சொல்லும் அதே வரிசையில் வர வேண்டும்.

பான் அட்டை மட்டும் தனி ரகம்

பான் விண்ணப்பம் நெடுங்காலமாக 49ஏ என்ற படிவத்தில்தான் போனது. அதன் நிரப்புக் குறிப்பிலேயே நமக்குச் சுவையான இரண்டு மாதிரிகள் உண்டு. மதுரை சோமசுந்தரம் கந்தசாமி என்ற பெயரில் கந்தசாமியைக் கடைசிப் பெயராகவும், மதுரையை முதல் பெயராகவும், சோமசுந்தரத்தை நடுப்பெயராகவும் போடச் சொல்கிறது. சத்யம் வெங்கட் எம்.கே. ராவ் என்ற பெயரில் ராவ் கடைசிப் பெயர். அதாவது வருமான வரித் துறையின் மாதிரியே நாம் தள்ளிய நாலாவது, இரண்டாவது வழிகளைப் பின்பற்றுகிறது.

இங்கே அந்த மாதிரியோடு சண்டை போட வேண்டாம் என்பது எங்கள் யோசனை. பான் அட்டையில் முதல், நடு, கடைசி என்ற வரிசையில் பெயர் அச்சாகும். கொத்தபல்லியைக் கடைசிப் பெயராகப் போட்டால் அட்டையில் ‘நரசிம்ம ஸ்ரீதர் ரெட்டி கொத்தபல்லி’ என்று வந்து, ஆதாரின் வரிசையோடு மாறுபடும். சொற்கள் ஒன்றுதான் என்றாலும் வங்கியும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் வரிசையைப் பார்த்து உறுதிமொழிக் கடிதம் கேட்கலாம். பான் உள்ளூரில் ஆதாரோடு ஒப்பிடப்படும் அட்டை. அதனால் கொத்தபல்லி முதல், நரசிம்ம ஸ்ரீதர் நடு, ரெட்டி கடைசி என்று போட்டு, படித்தால் ஆதார் போலவே ஒலிக்கும்படி விடுவது சிரமம் குறைந்த வழி. பாஸ்போர்ட்டில் இண்டிபேரு சர்நேம், பானில் அல்ல என்பது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு அட்டையையும் வாய்விட்டுப் படித்தால் ஒரே பெயர்தான் கேட்கும்.

இனிஷியல் மட்டும் எங்கும் வேண்டாம். பாஸ்போர்ட்டிலும் பானிலும் பெயரை விரித்து எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ‘கே.என்.’ என்று மட்டும் இருப்பவர்கள் ‘கே’ என்ன, ‘என்’ என்ன என்று காட்டும் ஓர் ஆவணத்தை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். முழுப் பெயரோடு ஆதார் அதற்கு உதவும்.

நீளமான பெயரும் இரட்டை இண்டிபேரும்

இண்டிபேரு இரண்டு சொல்லாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே சர்நேம் கட்டத்துக்குப் போக வேண்டும். ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியின் ஒய்.எஸ். என்பது யெடுகூரி சந்திண்டி. யெடுகூரியை சர்நேமிலும் சந்திண்டியைக் கிவன் நேமிலும் பிரித்தால் இரண்டுமே பொருளிழக்கும்.

அப்போது நீளம் ஒரு தடையாகும். பாஸ்போர்ட்டின் அடியில் கருவி படிக்கும் வரியில் 44 இடம். `P`, அடுத்த குறி, நாட்டின் மூன்றெழுத்து போனால் பெயருக்கு மிச்சம் 39. ஸ்ரீபதி பண்டிதாராத்யுல பாலசுப்ரமணியம் என்ற பெயரை `SRIPATHI<PANDITARADHYULA<<BALASUBRAHMANYAM` என்று அந்த வரியில் எழுதிப் பாருங்கள்: 8, 1, 15, 2, 16 என்று மொத்தம் 42 இடம் வரும். 3 எழுத்து மிஞ்சுவதால் அந்த வரியில் பெயர் வெட்டுப்படும். இது பிழை அல்ல, மேலே படப் பக்கத்தில் முழுப் பெயர் இருக்கும். ஆனால் விமானச் சீட்டு பதியும்போது வெட்டுப்பட்ட வடிவத்தைப் பார்த்து எழுதிவிடக் கூடாது. சீட்டில் பெயர் `KOTHAPALLI/NARASIMHASRIDHARREDDY` என்று இடைவெளி இல்லாமல் ஒட்டி வந்தாலும் பதற வேண்டாம். சாய்கோட்டுக்கு முன்னால் சர்நேம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கல்யாணமான பெண்

தெலுங்கு மரபில் பெண் கணவன் வீட்டு இண்டிபேருக்கு மாறுவாள். சொந்தப் பெயர் மாறாது. லாவண்யா, புசர்லா வீட்டுக்கு மருமகளாகப் போனால் புசர்லா லாவண்யா. அவள் பெயரில் ஏற்கனவே இருந்த ‘நரசிம்ம’ என்னவாகும் என்பதற்குப் பொது விதி கிடையாது, உதிர்ந்துவிடுவதுதான் வழக்கம். இதன்படி ஆவணங்களையும் மாற்றினால் ஒரே நேரத்தில் ஒரு சொல் மாறுகிறது, ஒரு சொல் காணாமல் போகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழோ பட்டமோ பழைய பெயரிலேயே கிடக்கும்.

கல்யாணத்துக்குப் பின் பெயரை மாற்ற வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. படிப்பும் வேலையும் பழைய பெயரில் இருந்தால் கொத்தபல்லி என்பதையே வைத்துக்கொள்வது மேல். கல்யாணப் பத்திரிகையில் புசர்லா என்று அடித்துக்கொள்ளட்டும். பாஸ்போர்ட்டில் கணவர் பெயருக்கு வேறு இடம் இருக்கிறது. மாற்றியே தீர வேண்டும் என்றால் கல்யாணப் பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் ஆதார், பிறகு பான், அதன்பின் பாஸ்போர்ட் என்று போக வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு அது புது விண்ணப்பம் அல்ல, விவரம் மாற்றி மறுவெளியீடு. அமெரிக்க விசாவின் `DS-160` படிவத்தில் இதுவரை வேறு பெயர் பயன்படுத்தியதுண்டா என்று கேட்கும்; அங்கே ஆம் என்று சொல்லிப் பழைய பெயரை எழுத வேண்டும். அதே படிவத்தில் தாய்மொழி எழுத்தில் முழுப் பெயரைக் கேட்கும் கட்டமும் உண்டு. முதல், கடைசி என்ற பேச்சே இல்லாத கட்டம் அது. கொத்தபல்லி நரசிம்ம லாவண்யா என்று தெலுங்கில், தெலுங்கு வரிசையிலேயே எழுதலாம்.